கூற்றா, கோரிக்கையா: 'சஜெஸ்ட்', 'இன்சிஸ்ட்', 'இம்பார்ட்டன்ட்' ஆகியவற்றின் பின் வரும் வினைவடிவம்

ஆங்கிலத்தில் முறைசார்ந்த எழுத்தைப் பழக்கும் பயிற்சி நூல்களில், 'சஜெஸ்ட்', 'இன்சிஸ்ட்' ஆகிய வினைகளையும் 'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட்' என்னும் தொடரையும் அடுத்து வரும் துணை வாக்கியத்தின் வினை எவ்வடிவில் அமைய வேண்டும் என்பது பெரும்பாலும் ஒரே வரியில் விதியாகச் சொல்லப்படுகிறது. இச்சொற்களுக்குப் பின் வினையின் மூல வடிவமே வரும், படர்க்கை ஒருமையிலும் 'எஸ்' விகுதி சேராது என்பதே அவ்விதி. அதன்படி 'ஹீ கோஸ்' என்பது 'ஹீ கோ' என்றும், 'ஷீ இஸ்' என்பது 'ஷீ பி' என்றும் மாற்றி எழுதப்படுகின்றன. விதியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை. இதே சொற்களின் பின்னால் சாதாரண நிகழ்கால, இறந்தகால வடிவங்கள் மட்டுமே சரியாகும் இடங்களும் உண்டு என்பதும், இவ்விரு வடிவங்களில் எதைத் தேர்வது என்பதை முன்னுள்ள சொல் முடிவு செய்யாமல் துணை வாக்கியத்தின் பொருளே முடிவு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகள்.

வடிவமும் அதன் தடங்களும்

நடந்தது, நடப்பது, நடக்கும் எனத் தோன்றுவது ஆகியவற்றைச் செய்தியாகத் தெரிவிக்கும் வினைவடிவத்தை ஆங்கில இலக்கணம் 'இன்டிகேட்டிவ்' என்று அழைக்கிறது. தமிழில் அதைக் கூற்று வடிவம் எனலாம். நிகழ்ந்ததாகச் சொல்லாமல், நிகழ வேண்டியதாகவோ நிகழ்ந்திருந்தால் என்று கற்பனை செய்வதாகவோ ஒன்றைக் குறிக்கும் வடிவத்திற்குச் 'சப்ஜங்க்டிவ்' என்று பெயர். இதிலும் வகைகள் உள்ளன. 'இஃப் ஐ வேர்' என்பது போலக் கற்பனை நிலையைச் சொல்லும் வகை வேறு. கோரிக்கை, பரிந்துரை, வற்புறுத்தல், தேவை ஆகியவற்றின் உள்ளடக்கத்தைச் சொல்லும் வகை வேறு. இரண்டாவது வகையை இலக்கண நூல்கள் 'மேன்டேட்டிவ் சப்ஜங்க்டிவ்' என்கின்றன. ராண்டால்ஃப் குவெர்க்கும் அவருடன் மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கண நூலில் இப்பெயர் இடம்பெறுகிறது. இக்கட்டுரை இவ்வகையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வசதிக்காக அதைக் கோரிக்கை வடிவம் என்று குறிக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இவ்விரு வடிவங்களும் தனித்தனி விகுதிகளால் வேறுபட்டிருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து உதிர்ந்தபோது அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியும் உதிர்ந்துபோயிற்று. இதனால் இன்றைய ஆங்கிலத்தில் கோரிக்கை வடிவத்திற்கெனத் தனி விகுதி எதுவும் இல்லை. வினையின் மூல வடிவம் எந்தச் சேர்க்கையும் இன்றி நிற்பதே அதன் அடையாளம். ராட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இதை ஒரு தனி வினைவடிவமாகக் கொள்ளாமல், மூல வடிவத்தைப் பயன்படுத்தும் ஒரு வாக்கிய அமைப்பாகக் கொள்வதற்கும் இதுவே காரணம். எழுவாய் மட்டும் 'ஹீ', 'ஷீ', 'தே' என முதல் வேற்றுமையிலேயே நிற்கும். 'ஹிம் பி', 'ஹர் கோ' என்று இங்கு எழுத முடியாது.

தனி விகுதி இல்லாததால் இவ்வடிவம் எல்லா இடங்களிலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது வெளிப்படும் இடங்கள் நான்கு. முதலாவது, படர்க்கை ஒருமை. அங்கு 'எஸ்' இல்லாமை காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, 'பி' என்னும் வினை. 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்பவற்றுள் எதுவும் வராமல் 'பி' வருவதால் எந்த எழுவாயோடும் அது வெளிப்படையாகத் தெரியும். முறைசார்ந்த எழுத்தில் செயப்பாட்டு வினை மிகுதியாகப் பயிலுவதால், 'தட் த ரிப்போர்ட் பி சப்மிட்டட்' என்பது போன்ற வாக்கியங்களில் வாசகர் இவ்வடிவத்தை அடிக்கடி சந்திக்கிறார். மூன்றாவது, எதிர்மறை, சாதாரண வாக்கியத்தில் வரும் 'டஸ் நாட்', 'டிட் நாட்' ஆகியவற்றுக்கு இங்கு இடமில்லை, வினைக்கு முன் 'நாட்' மட்டும் வரும். நான்காவது, முதன்மை வாக்கியம் இறந்தகாலத்தில் இருக்கும் இடம். 'தே சஜெஸ்டட் தட் வீ கோ' என்பதில் முன்வினை இறந்தகாலமாக இருந்தும் பின்வினை 'வென்ட்' ஆகாமல் 'கோ' என்றே நிற்பதால், பன்மை எழுவாயோடும் வடிவம் புலப்படுகிறது. இந்நான்கும் இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாக 'தே இன்சிஸ்ட் தட் வீ பே இன் கேஷ்' என்பதில், கூற்று வடிவமும் கோரிக்கை வடிவமும் எழுத்தளவில் ஒன்றாகிவிடுகின்றன. நாம் ரொக்கமாகத்தான் செலுத்துகிறோம் என்று அவர்கள் சாதிக்கிறார்களா, ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்று கேட்கிறார்களா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும்.

'இன்சிஸ்ட்': சாதித்தலும் வற்புறுத்தலும்

இந்த இரட்டைப் பொருள் மிகத் தெளிவாகத் தெரிவது 'இன்சிஸ்ட்' என்னும் வினையில். ஒருவர் மறுப்பு எழுந்த பின்னும் ஒரு செய்தி உண்மையென்று விடாமல் சொல்வதும் 'இன்சிஸ்ட்'. ஒரு செயல் நடந்தே தீர வேண்டும் என்று விடாமல் கேட்பதும் 'இன்சிஸ்ட்'. 'ஹீ இன்சிஸ்டட் தட் ஷீ வாஸ் பிரசென்ட்' என்றால், அவள் அங்கே இருந்தாள் என்று அவன் அடித்துச் சொன்னான் என்பது பொருள். 'ஹீ இன்சிஸ்டட் தட் ஷீ பி பிரசென்ட்' என்றால், அவள் அங்கே இருக்க வேண்டும் என்று அவன் வற்புறுத்தினான் என்பது பொருள். இரு வாக்கியங்களுக்கும் இடையே மாறுவது 'வாஸ்', 'பி' என்னும் ஒரே ஒரு சொல்தான். ஆனால் முதல் வாக்கியத்தை மெய்யா பொய்யா என்று சோதிக்கலாம், சாட்சி கேட்கலாம், வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் துணை வாக்கியத்தின் செய்தி இன்னும் நிகழவில்லை. அதை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல வழியில்லை, ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். விசாரணை அறிக்கை, கூட்டக் குறிப்பு, ஒப்பந்தம் போன்ற எழுத்துகளில் இந்த ஒரு சொல் மாறினால் ஒரு சாட்சியம் உத்தரவாகிவிடும், ஓர் உத்தரவு சாட்சியமாகிவிடும்.

எனவே 'இன்சிஸ்ட்' வந்தால் மூல வடிவம் என்னும் விதியை மட்டும் மனத்தில் வைத்திருக்கும் மாணவர், சாதித்தல் என்னும் பொருள் வரும் இடத்திலும் 'எஸ்'ஸை நீக்கிவிடுகிறார். 'த விட்னெஸ் இன்சிஸ்டட் தட் த கார் பி ரெட்' என்று எழுதினால், கார் சிவப்பாக இருந்தது என்று சாட்சி சொன்னதாக அது பொருள்படாது. சிவப்பு நிறக் காரே வேண்டுமென்று சாட்சி பிடிவாதம் பிடித்ததாகப் பொருள்படும். இலக்கணப் பிழை என்று எந்தக் கருவியும் அடிக்கோடிட வாய்ப்பில்லாத, ஆனால் எழுதியவர் எண்ணாத ஒன்றைச் சொல்லிவிடும் வாக்கியம் இது.

'சஜெஸ்ட்': சான்று காட்டுவதும் ஆலோசனை கூறுவதும்

'சஜெஸ்ட்' என்னும் வினையிலும் இதே பிளவு உண்டு. ஆனால் இங்கு எழுவாய் ஓரளவுக்கு வழிகாட்டுகிறது. மனிதரோ குழுவோ எழுவாயாக நின்று ஒரு செயலை முன்மொழியும்போது கோரிக்கை வடிவம் வருகிறது: 'த டாக்டர் சஜெஸ்டட் தட் ஹீ ரெஸ்ட்'. அவர் ஓய்வெடுப்பது நல்லது என்று மருத்துவர் ஆலோசனை கூறினார் என்பது இதன் பொருள். புள்ளிவிவரம், ஆய்வு முடிவு, தடயம், முகபாவம் போன்றவை எழுவாயாக நின்று ஓர் உண்மையைச் சுட்டும்போது கூற்று வடிவமே வர வேண்டும்: 'த ரிசல்ட்ஸ் சஜெஸ்ட் தட் த டிரக் ரெட்யூசஸ் ஃபீவர்'. அந்த மருந்து காய்ச்சலைக் குறைக்கிறது என்பதை முடிவுகள் உணர்த்துகின்றன என்பது இதன் பொருள். முடிவுகள் யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை. ஆகவே 'ரெட்யூஸ்' என்று 'எஸ்' இன்றி எழுதுவது தவறு.

இத்தவற்றை மொழியியலாளர் மிகைத்திருத்தம் என்பர். ஒரு விதியைக் கற்றவர், அவ்விதி பொருந்தாத இடத்திலும் அதைச் செலுத்தி, சரியாக இருந்ததைத் திருத்திப் பிழையாக்குவதே மிகைத்திருத்தம். அறிவியல் கட்டுரை எழுதும் மாணவருக்கு 'சஜெஸ்ட்' என்னும் சொல் பெரும்பாலும் சான்று காட்டுதல் என்னும் பொருளிலேயே தேவைப்படுகிறது. இலக்கணப் பயிற்சித் தாளிலோ அது பெரும்பாலும் ஆலோசனை என்னும் பொருளில் மட்டுமே வருகிறது. பயிற்சியில் பெற்ற பழக்கம் ஆய்வெழுத்தில் நுழையும்போது மிகைத்திருத்தம் பிறக்கிறது.

எழுவாயை வைத்து முடிவு செய்யும் உத்திக்கும் எல்லை உண்டு. அறிக்கை, கடிதம், தலையங்கம் போன்றவை எழுவாயாகும்போது இரு பொருளும் இயலும். 'த ரிப்போர்ட் சஜெஸ்ட்ஸ் தட் த மேனேஜர் நியூ' என்று தொடங்கினால் மேலாளருக்குத் தெரிந்திருந்தது என்னும் செய்தியும், 'த ரிப்போர்ட் சஜெஸ்ட்ஸ் தட் த மேனேஜர் ரிசைன்' என்று எழுதினால் மேலாளர் பதவி விலக வேண்டும் என்னும் பரிந்துரையும் ஒரே அறிக்கையிலிருந்து வரக்கூடும். மனிதரும் ஓர் உண்மையை ஊகமாகச் சுட்டலாம்: வரலாற்றாசிரியர் ஒருவர் அந்நகரம் வெள்ளத்தால் அழிந்தது என்று 'சஜெஸ்ட்' செய்யும்போது, அவர் நகரத்தை அழியச் சொல்லவில்லை, அங்குக் கூற்று வடிவம்தான் வரும். எனவே எழுவாய் ஒரு குறிப்பு மட்டுமே. முடிவான சோதனை அதுவன்று.

'இம்பார்ட்டன்ட்': தேவையும் மதிப்பீடும்

'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட்' என்னும் தொடரில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. இனி நிகழ வேண்டிய ஒன்று முக்கியம் என்றால் அது தேவை. ஏற்கெனவே உள்ள ஓர் உண்மை முக்கியமானது என்றால் அது மதிப்பீடு. 'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட் த டிரைவர் ஹேவ் எ லைசென்ஸ்' என்றால் ஓட்டுநரிடம் உரிமம் இருந்தாக வேண்டும் என்பது பொருள். அவரிடம் அது இருக்கிறதா என்பது தெரியாது. 'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட் த டிரைவர் ஹேஸ் எ லைசென்ஸ்' என்று, ஒரு வழக்கின் வாதத்தினிடையே எழுதினால், அவரிடம் உரிமம் இருக்கிறது, அந்த உண்மை வழக்குக்கு முக்கியமானது என்று பொருள் கொள்ளலாம். 'எசென்ஷியல்', 'இம்பெரேட்டிவ்' போன்ற சொற்கள் தேவைப் பொருளிலேயே பெரிதும் வருவதால் அவற்றில் குழப்பம் குறைவு. 'இம்பார்ட்டன்ட்' இரு பக்கமும் சாயக்கூடிய சொல் என்பதால் பயிற்சியில் அதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. தேவையைச் சொல்லும்போது 'இம்பார்ட்டன்ட் ஃபார் த டிரைவர் டு ஹேவ்' என்னும் மாற்று அமைப்பும் முறைசார்ந்த எழுத்தில் முழுமையாக ஏற்கப்படுகிறது. அது கோரிக்கை வடிவத்தை விட எளிமையானதே ஒழியத் தரம் குறைந்ததன்று.

அட்லாண்டிக்கின் இரு கரைகள்

இதுவரை கூறியது பொருள் வேறுபாடு. கோரிக்கைப் பொருளையே எவ்வடிவில் எழுதுவது என்பதில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கிடையே மற்றொரு வேறுபாடு உள்ளது. ஹடில்ஸ்டனும் புல்லமும் இதில் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டுகின்றனர். மூல வடிவத்தை இடுவது ஒன்று. 'ஷுட்' என்னும் துணைவினையைச் சேர்த்து 'தட் ஹீ ஷுட் கோ' என்று எழுதுவது இரண்டாவது. கோரிக்கைப் பொருளையே கூற்று வடிவத்தில் 'தட் ஹீ கோஸ்' என்று எழுதுவது மூன்றாவது. மூன்றாவதில் கோரிக்கை என்பதற்கான வெளிப்படையான அடையாளம் வினையில் இல்லாததால் அதை அவர்கள் மறைமுக வகையாகக் கொள்கின்றனர். இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழங்குவது. அமெரிக்கர் காதுக்கு அந்நியமாக ஒலிப்பது.

1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து தலா ஐந்நூறு பகுதிகள், ஏறத்தாழப் பத்து லட்சம் சொற்கள் எனத் தொகுக்கப்பட்ட இரு சொல் தொகுப்புகள் மொழியியலில் பெயர்பெற்றவை: அமெரிக்க ஆங்கிலத்திற்குப் பிரவுன் தொகுப்பு, பிரிட்டிஷ் ஆங்கிலத்திற்கு எல்.ஓ.பி. தொகுப்பு. இவ்விரண்டிலும் 'சஜெஸ்ட்' போன்ற சொற்களின் பின் மூல வடிவமும் 'ஷுட்'டும் வரும் இடங்களை யோஹான்சனும் நோர்ஹைமும் 1988இல் எண்ணிப் பார்த்தனர். அமெரிக்கத் தொகுப்பில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட இடங்களில் மூல வடிவம் வந்தது. பிரிட்டிஷ் தொகுப்பில் நிலைமை தலைகீழாகி, பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட இடங்களில் 'ஷுட்' வந்தது. 1961க்கு முப்பது ஆண்டுகள் கழித்து வெளியான எழுத்துகளைக் கொண்டு அதே முறையில் அமைக்கப்பட்ட தொகுப்புகளை ஆராய்ந்தபோது, பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் மூல வடிவத்தின் பங்கு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருப்பது தெரியவந்தது. 1926இல் தம் வழக்கு அகராதியை வெளியிட்ட ஹென்றி ஃபௌலர், சப்ஜங்க்டிவ் சில குறிப்பிட்ட இடங்களைத் தவிர ஏறக்குறைய வழக்கொழிந்துவருகிறது என்று கருதியிருந்தார். இந்த ஒரு வகையைப் பொறுத்தவரை மொழி அதற்கு எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது.

பயிற்சித் தாள் திருத்துவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு தெளிவானது. 'ஷுட்' சேர்த்து எழுதிய விடையைப் பிழையென்று அடிப்பது தவறு. அது பழமையான, முறைசார்ந்த, இன்றும் வழங்கும் வடிவம். கோரிக்கைப் பொருளில் கூற்று வடிவத்தை எழுதிய விடையைப் பிரிட்டிஷ் வழக்கின்படி ஏற்க இடமுண்டு. ஆயினும் 'இன்சிஸ்ட்'டின் பின் அது சாதித்தல் என்னும் பொருளோடு கலந்துவிடும் என்பதால், முறைசார்ந்த எழுத்துப் பயிற்சியில் அதைத் தவிர்க்கச் சொல்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 'மஸ்ட்', 'வில்', 'கேன்' ஆகிய துணைவினைகளை 'ஷுட்'டின் இடத்தில் அப்படியே வைக்க முடியாது. 'தட் ஹீ மஸ்ட் கோ' என்று எழுதினால் அது பிறர் சொன்ன கடமையைக் கூற்றாக அறிவிப்பதாகிவிடும். ஆலோசனை என்னும் மென்மையும் அதில் போய்விடும்.

ஒரு பயிற்சியின் விளக்கம்

மேற்கண்ட வேறுபாடுகள் ஒரு பயிற்சியில் எப்படி வெளிப்படும் என்பதைக் காட்ட, கல்லூரி நூலகக் குழுவின் கூட்டக் குறிப்பாக அமைந்த ஆறு வாக்கியங்களைக் கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஒரு வினையின் மூல வடிவம் தரப்பட்டிருக்கிறது. உரிய வடிவத்தை மாணவர் எழுத வேண்டும். நூலகத்தில் மாலையில் இடம் போதவில்லை என்பதே கூட்டத்தின் பொருள்.

முதல் வாக்கியம், 'த கமிட்டி சஜெஸ்டட் தட் த லைப்ரரி — ஓபன் அன்டில் எய்ட்'. இடவேண்டிய வினை 'ரிமெய்ன்'. குழு ஓர் ஏற்பாட்டை முன்மொழிகிறது. நூலகம் எட்டு மணி வரை திறந்திருப்பது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே விடை 'ரிமெய்ன்'. முன்வினை இறந்தகாலம் என்பதற்காக 'ரிமெய்ன்ட்' என்று எழுதினால், நூலகம் எட்டு வரை திறந்திருந்தது என்று குழு ஊகித்ததாகப் பொருள் மாறிவிடும்.

இரண்டாம் வாக்கியம், 'த லைப்ரேரியன் இன்சிஸ்டட் தட் த ஹால் — ஆல்ரெடி ஃபுல் பை ஃபைவ்', வினை 'பி'. ஐந்து மணிக்குள்ளேயே கூடம் நிரம்பிவிடுகிறது என்னும் நிலைமையை நூலகர் அடித்துச் சொல்கிறார். 'ஏற்கெனவே' எனப் பொருள்படும் 'ஆல்ரெடி' இது நடப்பிலுள்ள செய்தி என்பதை உறுதிப்படுத்துகிறது. விடை 'வாஸ்'.

மூன்றாம் வாக்கியம், 'ஷீ இன்சிஸ்டட் தட் நோ ஸ்டூடென்ட் — டர்ன்ட் அவே'. வினை மீண்டும் 'பி'. பேசுபவர் அதே நூலகர். முன்வினை அதே 'இன்சிஸ்டட்'. ஆனால் எந்த மாணவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று இங்கு அவர் கேட்கிறார். விடை 'பி'. இங்கு 'வாஸ்' என்று எழுதினாலும் இலக்கணம் கெடாது. ஆனால் இதுவரை யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை என்று நூலகர் தம் பணியைத் தற்காத்துப் பேசியதாகிவிடும். குறிப்பின் அடுத்த தீர்மானம் கோரிக்கையைத் தொடர்ந்து வருவதாக இருந்தால், அவ்விடை சூழலோடு முரண்படும்.

நான்காம் வாக்கியம், 'த ரெக்கார்ட்ஸ் சஜெஸ்ட் தட் த நம்பர் ஆஃப் ரீடர்ஸ் — எவ்ரி மார்ச்', வினை 'ரைஸ்'. பதிவேடுகள் ஒரு போக்கைக் காட்டுகின்றன. ஒவ்வொரு மார்ச் மாதமும் வாசகர் எண்ணிக்கை கூடுகிறது என்பது சான்றிலிருந்து பெறப்படும் உண்மை. விடை 'ரைசஸ்'.

ஐந்தாம் வாக்கியம், 'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட் த கார்ட் — பிஃபோர் த லாஸ்ட் ரீடர்'. இடவேண்டியது 'லீவ்' என்னும் வினையின் எதிர்மறை. கடைசி வாசகர் வெளியேறும் முன் காவலர் போய்விடக் கூடாது என்பது தேவை. விடை 'நாட் லீவ்' அல்லது 'ஷுட் நாட் லீவ்'. 'டோன்ட் லீவ்' என்பது எந்தப் பொருளிலும் பொருந்தாது. 'டஸ் நாட் லீவ்' என்பது பிரிட்டிஷ் வழக்கில் ஏற்கத்தக்கது. ஆனால் காவலர் முன்னதாகப் போவதில்லை என்னும் மதிப்பீட்டுப் பொருளுக்கும் அது இடம் கொடுக்கிறது.

ஆறாம் வாக்கியம், 'இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட் த பில்டிங் ஆல்ரெடி — எ செகண்ட் எக்ஸிட்', வினை 'ஹேவ்'. கட்டடத்தில் இரண்டாவது வாயில் ஏற்கெனவே இருக்கிறது, நேரத்தை நீட்டிப்பது பற்றி முடிவெடுக்கையில் அந்த உண்மையைக் கருத வேண்டும் என்பது பொருள். விடை 'ஹேஸ்'.

இந்த ஆறில் ஒற்றைப்படை எண்கள் கோரிக்கையையும் இரட்டைப்படை எண்கள் கூற்றையும் கொண்டுள்ளன. இரட்டைப்படையில் மட்டும் தவறும் மாணவர், சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, கண்ட இடமெல்லாம் விகுதியை நீக்குபவர். அவருக்குப் பொருளைப் பிரித்தறியும் பயிற்சி தேவை. ஒற்றைப்படையில் மட்டும் தவறும் மாணவர், முன்வினையின் காலத்தோடு பின்வினையின் காலத்தைப் பொருத்திவிட வேண்டும் என்னும் வேறொரு விதியால் இழுக்கப்படுபவர். அவருக்கு வடிவத்தைப் பழக்க வேண்டும். மதிப்பெண் இருவருக்கும் ஆறுக்கு மூன்றாகவே இருக்கும். ஆனால் இருவருக்கும் அடுத்துக் கற்பிக்க வேண்டியது வேறு வேறு. கோரிக்கை வாக்கியங்களை மட்டும் அடுக்கிய பயிற்சியில், முதல் மாணவர் எதையும் அறியாமலே முழு மதிப்பெண் பெற்றுவிடுவார்.

தமிழ் வழி வரும் மாணவர்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இங்கு ஒரு வசதியும் சில இடர்களும் உண்டு. தமிழில் கூற்றும் கோரிக்கையும் துணை வாக்கியத்தில் இயல்பாகவே பிரிந்து நிற்கின்றன. 'அவள் இருந்தாள் என்று வலியுறுத்தினார்', 'அவள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்' என்னும் இரண்டையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே ஆங்கில வாக்கியத்தின் கருத்தைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, 'வேண்டும்', 'கூடாது', 'செய்யலாம் என்று' ஆகியவற்றுள் ஒன்று வந்தால் கோரிக்கை வடிவத்தையும், வெறும் வினைமுற்று வந்தால் கூற்று வடிவத்தையும் தேர்வது பெரும்பாலும் தவறாத சோதனை. ஆங்கிலத்திற்குள்ளேயே சோதிக்க விரும்புவோர், வினைக்கு முன் 'ஷுட்' சேர்த்துப் படிக்கலாம். பொருள் மாறாவிட்டால் அங்குக் கோரிக்கை வடிவத்திற்கு இடமுண்டு. 'த ரெக்கார்ட்ஸ் சஜெஸ்ட்' என்னும் நான்காம் வாக்கியத்தில் 'ஷுட்' சேர்த்தால் எண்ணிக்கை கூடியாக வேண்டும் என்று பொருள் திரிவதால், அங்கு இடமில்லை.

இடர்கள் வாக்கிய அமைப்பில் எழுகின்றன. 'என்னைப் போகச் சொன்னார்' என்பதன் சாயலில் 'ஹீ சஜெஸ்டட் மீ டு கோ' என்று எழுதுவது இந்திய ஆங்கிலத்தில் பரவலாகக் காணப்படுகிறது. 'டோல்ட்', 'அட்வைஸ்ட்', 'ஆஸ்க்ட்' ஆகிய வினைகள் இவ்வமைப்பை ஏற்கின்றன; 'சஜெஸ்ட்' அதைத் தரமான எழுத்து வழக்கில் ஏற்பதில்லை. 'தட்' கொண்ட துணை வாக்கியமோ, 'சஜெஸ்டட் கோயிங்' என்னும் தொழிற்பெயர் அமைப்போதான் அதற்கு உரியது. 'இன்சிஸ்ட்'டும் அவ்வாறே 'இன்சிஸ்டட் ஹிம் டு கம்' என்று வராது. 'தட் ஹீ கம்' என்றோ 'ஆன் ஹிஸ் கமிங்' என்றோ வரும். கோரிக்கை வடிவத்தைக் கற்பிக்கும் வகுப்பில் இவ்விரு அமைப்புகளையும் சேர்த்தே கற்பிப்பது பயன் தரும். ஏனெனில் மாணவர் தவறான அமைப்பைக் கைவிடும் அதே கணத்தில் அதற்கு மாற்றாக எழுத வேண்டியது எது என்பதும் அவருக்குத் தேவைப்படுகிறது.

பயிற்சி அமைப்போருக்கு

இவ்வடிவத்தைப் பற்றிய பாடம் இந்திய மாணவருக்குப் புதியதன்று. ரென், மார்ட்டின் இருவரின் உயர்நிலைப் பள்ளி இலக்கண நூல் வழியாகத் தலைமுறைகள் இதைக் கற்றுள்ளன. பழைய தாள்வழி டோஃபல் தேர்வும் அமைப்பு, எழுத்துவழி வெளிப்பாடு என்னும் தனிப் பகுதியை வைத்து இலக்கணத்தைச் சோதித்தது. 2005இல் தொடங்கிய இணையவழித் தேர்வில் அப்பகுதி இல்லை. அதனால் இவ்வடிவத்தின் தேவை குறைந்துவிடவில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் இடத்திலிருந்து, மாணவர் தாமே எழுதும் கட்டுரைக்கும் அறிக்கைக்கும் அது இடம் மாறியுள்ளது. அங்கே வாக்கியத்தின் பொருள் எது என்று வினாத்தாள் சொல்லித் தராது. எழுதுபவரே அதை அறிந்திருக்க வேண்டும்.

எனவே பயிற்சியின் வரிசை மாற வேண்டும். வடிவத்தை நிரப்பும் முன், துணை வாக்கியம் கூற்றா கோரிக்கையா என்பதை மாணவர் குறிக்க வேண்டும். அதற்குப் போதிய சூழல் ஒவ்வொரு வாக்கியத்திலும் அல்லது பத்தியிலும் இருக்க வேண்டும். தனித்து நிற்கும் 'ஷீ இன்சிஸ்டட் தட் ஹீ — ஹியர்' போன்ற வாக்கியத்திற்கு 'வாஸ்', 'பி' ஆகிய இரண்டுமே சரியான விடைகள் என்பதால், அதற்கு ஒரே விடையைக் கேட்பது வினாவின் குறை, மாணவரின் குறையன்று. விடைக்குறிப்பில் 'ஷுட்' அமைப்புக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். கூற்று வாக்கியங்களும் கோரிக்கை வாக்கியங்களும் ஏறக்குறைய சம அளவில் கலந்திருக்க வேண்டும். எதிர்மறையும் செயப்பாட்டு வினையும் இறந்தகால முன்வினையும் குறைந்தது ஒவ்வோர் இடத்திலாவது வர வேண்டும், ஏனெனில் வடிவம் வெளிப்படும் இடங்கள் அவையே. இவ்வாறு அமைந்த பயிற்சியில் தேர்ந்தவர் விசாரணை அறிக்கையில் 'வாஸ்' எழுதும்போது ஒரு செய்திக்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும், தீர்மானத்தில் 'பி' எழுதும்போது ஒரு செயலைக் கேட்கிறார் என்பதையும் அறிந்தே எழுதுவார்.